55 இன்ச் டிவி கேபினட்டுக்குள் போகுமா? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

என் கேபினட்டில் டிவிக்கு ஒதுக்கிய இடைவெளியின் அகலம் 124 செ.மீ., உயரம் 66 செ.மீ. டிவியின் அளவை மூலைவிட்டத்தில்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் டேப்பைக் கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைக்குச் சாய்த்துப் பிடித்து அளந்தேன். 140.5 செ.மீ. வந்தது. 55 இன்சை 2.54ஆல் பெருக்கினால் 139.7. எட்டு மில்லிமீட்டர் மிச்சம். அச்சில் வார்த்தது போல உட்காரும் என்று நினைத்து அன்றைக்கே ஆர்டர் போட்டேன்.

டிவி வந்த அன்று, கொண்டுவந்த இருவரும் அதைத் தூக்கி இடைவெளிக்கு நேராகப் பிடித்தார்கள். கீழ் விளிம்பை அடித்தட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்தால், மேல் விளிம்பு மேல்தட்டைத் தாண்டி ஐந்து செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக நீட்டிக்கொண்டிருந்தது. "அளந்துதானே சார் வாங்கினீங்க?" என்று ஒருவர் கேட்டார். அளந்துதான் வாங்கினேன். அளக்கக் கூடாததை அளந்திருந்தேன், அவ்வளவுதான்.

பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி அனுப்பும்போது ஒரு தொகை பிடித்துக்கொண்டார்கள். எடுத்துப்போகத் தனிக் கட்டணம். முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த சுவர் மாட்டியும் வீண். இதெல்லாம் நடந்த பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு டேப், ஒரு கால்குலேட்டர், அரை மணி நேரம் போதும். ஆர்டர் போடுவதற்கு முன்பு போட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

1. இன்சை செ.மீ. ஆக்குங்கள், ஆனால் அந்த எண்ணோடு நிற்காதீர்கள்

ஒரு இன்ச் என்பது சரியாக 2.54 செ.மீ. தோராயமான எண் இல்லை, வரையறையே அதுதான். மனக்கணக்குக்காக 2.5 என்று வைத்துக்கொள்பவர்கள் உண்டு. 55 இன்சுக்கு அப்படிப் போட்டால் 137.5 வரும். உண்மை 139.7. இரண்டு செ.மீ.க்கு மேல் வித்தியாசம். கேபினட் கணக்கில் இரண்டு செ.மீ. என்பது உள்ளே போவதற்கும் போகாததற்கும் உள்ள வித்தியாசம்.

இப்படிக் கிடைக்கும் 139.7 திரையின் மூலைவிட்டம். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு, ஒளிரும் பகுதியை மட்டும் அளந்தால் வருவது. அது டிவியின் அகலம் இல்லை. பெட்டியின் மேல் பெரிதாக "139 செ.மீ." என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, "ஐயோ, நம் கேபினட் 130தான்" என்று சின்ன டிவி வாங்கிவிட்டு வருத்தப்படுபவர்களும் இருக்கிறார்கள். நான் செய்ததற்கு நேர் எதிரான தவறு, ஆனால் வேர் ஒன்றுதான்.

இன்னொன்றும் கண்ணில் படும். 55 இன்ச் என்று விற்கும் டிவியின் பெட்டியில் சில சமயம் 139.7க்குப் பதிலாக 138 அல்லது 139 என்று இருக்கும். ஏமாற்று வேலை என்று பதற வேண்டாம். 55 என்பது அந்த வகையின் பெயர். திரையின் உண்மையான மூலைவிட்டம் 54.6 இன்ச் போல இருக்கும், அது 138.7 செ.மீ. நம் கணக்குக்கு முழு 55ஐயே எடுத்துக்கொள்ளலாம். தவறு வந்தாலும் நமக்குச் சாதகமான பக்கம்தான் வரும்.

2. மூலைவிட்டத்திலிருந்து அகலத்தையும் உயரத்தையும் பிரித்தெடுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரே ஏணியைச் சுவரில் சாய்த்து வைக்கிறீர்கள். அடியை வெளியே இழுத்தால் நுனி கீழே இறங்கும். அடியை உள்ளே தள்ளினால் நுனி மேலே ஏறும். ஏணியின் நீளம் மாறவே இல்லை. மூலைவிட்டமும் அந்த ஏணி மாதிரிதான். நீளம் ஒன்றாக இருந்தாலும் சாய்வு மாறினால் அகலமும் உயரமும் மாறிவிடும். 138 செ.மீ. அகலமும் 25 செ.மீ. உயரமும் உள்ள புத்தகத் தட்டின் மூலைவிட்டமும் 140 செ.மீ.தான். அதில் 55 இன்ச் டிவியை வைக்க யாரும் நினைக்க மாட்டோம். என் கேபினட் அவ்வளவு வெளிப்படையாகக் காட்டிக்கொடுக்கவில்லை, அதனால் ஏமாந்தேன்.

இன்றைக்குக் கடையில் கிடைக்கும் டிவி திரைகளின் சாய்வு அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு. இந்த விகிதம் நிலையாக இருப்பதால் வர்க்கமூலம் எதுவும் எடுக்காமல் நேரடியாகப் பெருக்கிவிடலாம்:

```
திரை அகலம் (செ.மீ.) = இன்ச் × 2.214
திரை உயரம் (செ.மீ.) = இன்ச் × 1.245
```

2.54ஆல் பெருக்குவதும் 16:9ஆகப் பிரிப்பதும் இந்த இரண்டு எண்களுக்குள்ளேயே அடங்கிவிட்டன. ஆகவே இன்சை அப்படியே போடுங்கள். ஏற்கெனவே செ.மீ. ஆக்கிய எண்ணை இதில் போட்டால் இருமடங்குக்கு மேல் பெரிய டிவி வந்து நிற்கும்.

வழக்கமாகக் கிடைக்கும் அளவுகளுக்கு நான் போட்டு வைத்தது இது. முதலில் மூலைவிட்டம், அடுத்து அகலம், கடைசியில் உயரம், எல்லாம் செ.மீ.யில்:

- 32 இன்ச்: 81.3, 70.8, 39.8
- 43 இன்ச்: 109.2, 95.2, 53.5
- 50 இன்ச்: 127.0, 110.7, 62.3
- 55 இன்ச்: 139.7, 121.8, 68.5
- 65 இன்ச்: 165.1, 143.9, 80.9

என் கேபினட்டின் உயரம் 66. 55 இன்ச் திரையின் உயரம் மட்டுமே 68.5. இந்த ஒரு பெருக்கலைப் போட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

பழைய, ஏறக்குறைய சதுரமான திரைகளுக்கும், மிக நீளமான சில கணினித் திரைகளுக்கும் விகிதம் வேறு என்பதால் இந்த எண்கள் அவற்றுக்குப் பொருந்தாது. பழைய பருத்த டிவிக்காகச் செய்த கேபினட் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த இடைவெளி ஏறக்குறைய சதுரமாக இருக்கும். புது டிவியை அதில் வைத்தால் மேலே நிறைய இடம் காலியாகத் தெரியும், ஆனால் பக்கவாட்டில் இடிக்கும்.

எந்தப் பக்கம் இடிக்கும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. இடைவெளியின் அகலத்தை உயரத்தால் வகுங்கள். 1.78க்கு மேல் வந்தால் உங்கள் சிக்கல் உயரம். கீழே வந்தால் அகலம். எனக்கு 124ஐ 66ஆல் வகுத்தால் 1.88. அப்படியென்றால் உயரத்தைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

3. கேபினட்டின் உள்ளளவை எடுங்கள்

கேபினட் செய்தபோது கொடுத்த வரைபடம் கையில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். என்னிடம் இருந்த வரைபடத்தில் அகலம் 127.6 செ.மீ. என்று இருந்தது. அது வெளியளவு. இரண்டு பக்கமும் 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை, ஆக 3.6 செ.மீ. கழிந்து உள்ளே 124தான் நிற்கிறது.

உள்ளளவு எடுப்பதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. டேப்பை ஒரு பக்கம் முட்டக்கொடுத்து மறுபக்கம் கொண்டுபோனால், மூலையில் டேப் வளைந்து நிற்கும். அந்த வளைவில் எந்தக் கோடு சுவரைத் தொடுகிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அரை செ.மீ. இங்கேயோ அங்கேயோ போய்விடும். அதற்கு எளிய வழி: அடித்தட்டின் நடுவில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கத்திலிருந்து கோடு வரை அளங்கள். பிறகு வலப்பக்கத்திலிருந்து அதே கோடு வரை. இரண்டையும் கூட்டுங்கள். இரண்டு தடவையும் டேப்பின் கொக்கிதான் பலகையில் முட்டும், வளைவே வராது. எனக்கு 60.3ம் 63.7ம் வந்தன.

அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களிலும் உயரத்தை இடம், நடு, வலம் என்று மூன்று இடங்களிலும் எடுங்கள். மூன்றில் சிறியதுதான் உங்கள் அளவு. நீளமான மேல்தட்டு நடுவில் லேசாகத் தொய்ந்திருப்பது சகஜம்.

முன்பக்கத்தில் அலங்காரச் சட்டம் இருந்தால் அதன் உட்புறத்தையும் அளங்கள். உள்ளே இடம் இருந்தும் வாசலில் நுழையாத டிவி இருந்து என்ன பயன்? கதவு வைத்த கேபினட் என்றால் கீல்கள் உள்ளே எவ்வளவு நீட்டுகின்றன என்பதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் செ.மீ.யிலேயே எழுதுங்கள். வேறு யாராவது அளந்து அடியில் சொன்னால் திருப்பிக் கேளுங்கள். "நாலடி ஆறு இன்ச்" என்பது 137.2 செ.மீ. அதையே யாராவது 4.6 அடி என்று குறித்துக்கொண்டால் 140.2 ஆகிவிடும்.

4. டிவியின் வெளியளவை விவரப் பட்டியலில் தேடுங்கள்

இதுவரை போட்டது திரைக் கணக்கு. கேபினட்டுக்குள் போகப்போவது திரை மட்டும் இல்லை, சட்டத்தோடு சேர்ந்த முழு டிவி. இங்கே கணக்கை மூடி வைத்துவிட்டுத் தயாரிப்பாளர் கொடுக்கும் விவரப் பட்டியலைத் திறக்க வேண்டும். விற்பனைப் பக்கத்தின் அடியிலோ கையேட்டின் கடைசிப் பக்கங்களிலோ இருக்கும். மாடல் எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசியில் ஒரு எழுத்து மாறினால்கூட ஸ்டாண்டின் வடிவம் மாறியிருக்கலாம்.

அதில் மூன்று விதமான அளவுகள் இருக்கும்: ஸ்டாண்ட் இல்லாமல், ஸ்டாண்டுடன், பெட்டியுடன். அவசரத்தில் பெட்டியின் அளவைப் பார்த்துவிட்டு "இது போகாது" என்று முடிவுகட்டியவர்கள் பலர். பெட்டி அளவு தேவைப்படுவது வீட்டு வாசலுக்கும் மாடிப்படிக்கும்தான். அளவுகள் பெரும்பாலும் மில்லிமீட்டரில் இருக்கும். பத்தால் வகுத்தால் செ.மீ. W என்பது அகலம், H உயரம், D ஆழம். இந்த வரிசை எல்லாப் பட்டியலிலும் ஒன்றாக இருக்காது. எந்த எண் எதற்கு என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்கித் திருப்பிய 55 இன்ச் டிவிக்கு ஸ்டாண்ட் இல்லாமல் 1232 × 708 என்று இருந்தது. 123.2 செ.மீ. அகலம், 70.8 செ.மீ. உயரம். திரையை விட அகலத்தில் 1.4 செ.மீ., உயரத்தில் 2.3 செ.மீ. கூடுதல். உயரத்தில் மட்டும் ஏன் இவ்வளவு என்றால், மேலேயும் பக்கங்களிலும் மெல்லிய சட்டம் இருந்தாலும் அடிப்பக்கத்தில் பட்டை கொஞ்சம் தடிமனாக இருக்கும்.

சரி, அகலத்தைப் பாருங்கள். 124க்கு 123.2. மொத்தமே 0.8 செ.மீ. மிச்சம், பக்கத்துக்கு 4 மில்லிமீட்டர். உயரம் சரியாக இருந்திருந்தாலும் அதை உள்ளே வைக்கும்போது விரலை வெளியே எடுத்திருக்க முடியாது.

ஸ்டாண்ட் வைத்து நிறுத்தப் போகிறீர்களா, பின்பலகையில் மாட்டப் போகிறீர்களா என்பதை இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். ஸ்டாண்ட் சேர்ந்தால் உயரம் பல செ.மீ. ஏறும். ஆழமும் ஏறும், தட்டையான டிவிதானே என்று நினைத்தால், அதன் கால்கள் முன்னும் பின்னும் 20, 25 செ.மீ. இடம் கேட்கும். கால்கள் நடுவில் ஒன்றாக இருக்கின்றனவா, இரண்டு ஓரங்களில் இருக்கின்றனவா என்பதையும் படத்தில் பாருங்கள். ஓரத்தில் இருந்தால் தட்டு அவ்வளவு அகலமாக இருக்க வேண்டும்.

5. காற்றுக்கும் ஒயருக்கும் இடம் விடுங்கள்

உள்ளே போய்விட்டால் போதாது. டிவியின் பின்புறத்தில் வெப்பம் வெளியேறும் துளைகள் இருக்கின்றன. சூடான காற்று மேலே ஏறும் என்பதால் மேல்தட்டுக்கும் டிவிக்கும் நடுவே உள்ள இடம்தான் முக்கியம். எவ்வளவு விட வேண்டும் என்பதைக் கையேட்டில் படத்தோடு போட்டிருப்பார்கள். பல கையேடுகளில் 10 செ.மீ. என்ற எண்ணைப் பார்க்கலாம். உங்கள் மாடலுக்கு என்ன போட்டிருக்கிறதோ அதை எடுங்கள். கையேட்டை வாங்குவதற்கு முன்பே தயாரிப்பாளரின் தளத்தில் இறக்கிப் பார்க்கலாம்.

இடம் போதவில்லை என்றால் அது உடனே தெரியாது. முதல் வாரம் எல்லாம் நன்றாகத்தான் ஓடும். இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு மேல்தட்டின் அடிப்பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். பலகை சூடாக இருந்தால் காற்று தேங்குகிறது என்று அர்த்தம்.

பின்பக்கத்துக்கும் அளவு வேண்டும். ஒயரின் பிளக் நேராகப் பின்னால் நீட்டும் டிவிகளில், பிளக்கும் அதன் பிறகு ஒயர் வளைய வேண்டிய இடமும் சேர்ந்து ஐந்தாறு செ.மீ. கேட்கும். ஒயரை மடக்கி அழுத்தி வைத்தால் சாக்கெட்தான் முதலில் ஆடத் தொடங்கும். பக்கவாட்டில் சொருகும் வகை என்றால் அந்தப் பக்கம் கை நுழைய வேண்டும்.

6. இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள்

டிவியைத் தேர்ந்தெடுத்துவிட்டு இடம் இருக்கிறதா என்று பார்ப்பதை விட, இடத்திலிருந்து டிவிக்கு வருவது சுலபம். இரண்டு பக்கமும் கணக்குப் போட்டு, சிறிய விடையை எடுத்துக்கொள்ள வேண்டும்:

```
அகலத்தால் = (உள் அகலம் − இரு பக்க இடைவெளி − 2) ÷ 2.214
உயரத்தால் = (உள் உயரம் − மேல் இடைவெளி − 8) ÷ 1.245
```

முதல் வரியில் உள்ள 2 சட்டத்துக்கு. இரண்டாவதில் உள்ள 8 சட்டமும் ஸ்டாண்டும் சேர்த்து நான் வைத்துக்கொண்ட தோராயம். இது வடிகட்டுவதற்கு மட்டும்தான். கடைசி முடிவு விவரப் பட்டியலில் உள்ள எண்ணைப் பார்த்துத்தான்.

என் கேபினட்டுக்கு: அகலத்தில் 124லிருந்து இரண்டு பக்கத்துக்கும் 20, சட்டத்துக்கு 2 போனால் 102. அதை 2.214ஆல் வகுத்தால் 46 இன்ச். உயரத்தில் 66லிருந்து 10ம் 8ம் போனால் 48. அதை 1.245ஆல் வகுத்தால் 38.6 இன்ச். 55 இன்ச் ஆசையோடு கிளம்பியவனுக்கு 38.6 என்ற விடையைப் பார்த்ததும் கேபினட்டையே உடைத்துவிடலாமா என்று இருந்தது.

அப்போதுதான் மேல்தட்டைக் கவனித்தேன். அது ஆணியடித்த பலகை இல்லை. பக்கப் பலகைகளில் வரிசையாகத் துளைகள் இருந்தன. அதில் சொருகிய சின்னப் பின்களின் மேல்தான் தட்டு உட்கார்ந்திருந்தது. இந்த மாதிரித் துளைகளுக்கு இடையே பெரும்பாலும் 32 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும், என்னுடையதிலும் அதேதான். தட்டை இரண்டு துளை மேலே ஏற்றினால் 6.4 செ.மீ. கூடும். உயரம் 72.4 ஆனது. அதற்கு மேல் ஏற்ற முடியவில்லை, மேல் அலமாரியின் இழுப்பறை இடித்தது.

72.4 வந்ததும் சபலம் திரும்ப எட்டிப்பார்த்தது. 55 இன்ச் டிவியின் உயரம் 70.8 தானே, ஸ்டாண்டைக் கழற்றிப் பின்பலகையில் மாட்டிவிட்டால் உள்ளே போய்விடுமே! போகும். மேலும் கீழும் சேர்த்து 1.6 செ.மீ., பக்கங்களில் 4 மில்லிமீட்டர். காற்று போக வழியில்லை, ஒயரைச் சொருகக் கையும் போகாது. அதை விட்டேன்.

50 இன்ச்? பார்த்த மாடலுக்கு ஸ்டாண்டுடன் உயரம் 69.8. மேலே 2.6 செ.மீ.தான் மிஞ்சும். சுவர் மாட்டியில் தொங்கவிட்டால் உயரப் பிரச்சினை கொஞ்சம் குறையும், ஆனால் பக்கங்களில் தலா 6 செ.மீ.தான், கையேடு கேட்பது 10. பின்பலகையும் மெல்லிய பலகை, அவ்வளவு எடையை அதில் தொங்கவிட எனக்குத் தைரியம் இல்லை.

43 இன்சுக்கு வந்தேன். கணக்கும் அதைத்தான் சொன்னது: 72.4லிருந்து 18 போனால் 54.4, அதை 1.245ஆல் வகுத்தால் 43.7. மாடலின் விவரப் பட்டியலில் ஸ்டாண்டுடன் உயரம் 61.8, அகலம் 96.4. மேலே 10.6 செ.மீ. மிச்சம். பக்கங்களில் தலா 13.8.

7. அட்டையை வெட்டி வைத்துப் பாருங்கள்

இது சிறுபிள்ளை விளையாட்டு மாதிரித் தெரியும். ஆனால் எண்ணில் தெரியாதது இதில் தெரியும். பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்து, டிவியின் வெளியளவுக்கு வெட்டி, கேபினட்டுக்குள் நிறுத்துங்கள். துண்டு துண்டாக ஒட்டினாலும் பரவாயில்லை. அட்டையை உள்ளே கொண்டுபோகும்போது அதைச் சாய்க்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். சாய்த்துத்தான் போகிறது என்றால் ஸ்டாண்ட் மாட்டிய நிஜ டிவியும் சாய வேண்டும், அதற்கு இடம் இருக்க வேண்டும். கதவு இருந்தால் மூடிப் பாருங்கள். பின்னால் பிளக் இருக்கும் இடம் அட்டைக்குப் பின் மறைகிறதா, கை எட்டுகிறதா என்றும் பாருங்கள்.

எனக்கு அட்டை காட்டிக்கொடுத்தது வேறு ஒன்று. தட்டை ஏற்றியபோது பழைய துளையில் ஒரு பின் அப்படியே இருந்தது. பக்கப் பலகையிலிருந்து ஒரு செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தது. 43 இன்சுக்கு இடைஞ்சல் இல்லை, ஆனால் அகலம் இறுக்கமாக இருந்திருந்தால் புதுத் திரையின் ஓரத்தில் அதுதான் முதலில் பட்டிருக்கும்.

8. டெலிவரி நாளில் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்

திருப்பி அனுப்பும் கெடு பெரும்பாலும் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்துதான் ஓடும், பொருத்த ஆள் வரும் நாளிலிருந்து இல்லை. ஆள் வர நான்கு நாள் ஆகும் என்றால் அந்த நான்கு நாளும் கெடுவில் கழியும். அதனால் ஆர்டர் போடும்போதே அந்த விதியைப் படித்து, பிரித்த பெட்டியைத் திரும்ப எடுப்பார்களா, எவ்வளவு பிடிப்பார்கள், எடுத்துப்போகும் செலவு யாருடையது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விவரப் பட்டியலின் அந்த நாளைய நகலையும் சேமித்து வையுங்கள். பட்டியலில் போட்ட அளவும் வந்த டிவியின் அளவும் ஒத்துப்போகவில்லை என்றால் பேசுவதற்கு அது வேண்டும்.

டிவி வந்ததும் பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை உங்கள் ரசீதோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள். பிரித்ததும் ஸ்டாண்டை மாட்டுவதற்கு முன், டிவியின் உயரத்தையும் அகலத்தையும் ஒரு தடவை டேப் வைத்துப் பார்த்துவிடுங்கள். திரையின் மேல் டேப்பின் கொக்கி உரசக் கூடாது, பின்பக்கமாக அளங்கள். நுரைத் துண்டுகளையும் பிளாஸ்டிக் உறைகளையும் ஒரு இரவாவது அப்படியே வைத்திருங்கள். முதல் தடவை நான் அவற்றை உடனே வெளியே போட்டுவிட்டேன். திருப்பி அனுப்பும்போது அதற்கும் சேர்த்துத்தான் பிடித்துக்கொண்டார்கள்.